கரட்சுபா பெருக்கலில் தொலைந்த ஒரு இலக்கம்

எண்களைப் பாதியாகப் பிரித்து, நான்குக்குப் பதில் மூன்றே பெருக்கல்களில் விடை காண்பது கரட்சுபா முறை. அதில் நான் எழுதிய நிரல் 12×34-க்கு 408 என்று சரியாகத்தான் சொன்னது. 56×78-இல் சொதப்பியது. நடு உறுப்பை அச்சிட்டுப் பார்த்தேன்: −78! அது எதிர்மமாக வரவே கூடாது.

பாதிகளின் பெருக்கங்கள் 5×7=35, 6×8=48. மூன்றாவது பெருக்கம் (5+6)×(7+8), அதாவது 11×15=165. இதிலிருந்து முந்தைய இரண்டையும் கழித்தால் நடு உறுப்பு. நானோ கூட்டுத்தொகைக்கும் பாதி நீள அணியையே ஒதுக்கியிருந்தேன். மிகுந்த 1 உதிர்ந்து 1×5 ஆகிவிட்டது; 5−35−48=−78.

ஒரு இடம் கூடுதலாக ஒதுக்கலாம். ஆனால் தற்சுழற்சியில் நீளங்கள் ஒழுங்கற்றுப் போகும், எனக்கு அது எரிச்சல். அதனால் கூட்டலை விட்டுக் கழித்தலுக்கு மாறினேன். a, b முதல் எண்ணின் பாதிகள், c, d இரண்டாவதின் பாதிகள்; z2 என்பது a*c, z0 என்பது b*d, z1 நடு உறுப்பு:

```
z1 = z2 + z0 - (a-b)*(c-d)
```

35+48−(−1)(−1)=82. அப்புறம் 3500+820+48=4368. வித்தியாசம் பாதி நீளத்தைத் தாண்டாது. அதன் குறியை மட்டும் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.