டைம்அவுட் உண்மையிலேயே எதிரணியின் ஓட்டத்தை நிறுத்துகிறதா? – என் அனுபவம்

கைப்பந்து ஆட்டங்களின் புள்ளிவாரித் தரவில், எதிரணி தொடர்ந்து மூன்று புள்ளிகள் எடுத்தபின் கேட்கப்பட்ட டைம்அவுட்டுகள் அனைத்தும், ஒன்றுகூட விடாமல், அந்த ஓட்டத்தை நிறுத்தியதாக என் கணக்கு காட்டியது. ஆட்டங்களைக் கூட்டியும் தொழில்நுட்ப டைம்அவுட்டுகளை நீக்கியும் பார்த்தேன். மூன்று நாட்கள் போனதுதான் மிச்சம்.

தரவுக் கோப்பினை வரி வரியாகப் படித்தபோதுதான் காரணம் தெரிந்தது. டைம்அவுட்டுக்குத் தனி வரி இருந்தது. அதில் 11–14 என்ற பழைய ஸ்கோரே மீண்டும் வந்தது, ரேலியை வென்ற அணிக்கான கட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலிக் கட்டத்தை வேறொரு அணியாகக் கருதி, என் நிரல் ஓட்டத்தை அங்கேயே முடித்திருக்கிறது. ரேலி வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, டைம்அவுட்டை அடுத்த ரேலியின் அடையாளமாகச் சேர்த்தேன். டைம்அவுட்டுக்கும் ரேலிக்கும் இடையில் ஆள்மாற்ற வரி வரக்கூடும் என்பதால், ஒரு வரி மட்டும் பின்னோக்கிப் பார்ப்பது போதாது.

அதன் பிறகும் பெரும்பாலான ஓட்டங்கள் டைம்அவுட்டை அடுத்து நின்றன. ஆனால் சர்வீஸை வாங்கும் அணியே பெரும்பாலும் ரேலியை வெல்லும்; அது பத்தில் ஆறு என்றால், எவரும் டைம்அவுட் கேட்காமலே 60% ஓட்டங்கள் அடுத்த ரேலியிலும் 84% இரண்டு ரேலிகளுக்குள்ளும் முடிந்துவிடும். எனவே அதே ஓட்ட நீளத்தில், அதே சர்வீஸ் வீரருக்கு எதிராக, டைம்அவுட் கேட்கப்படாத தருணங்களோடு ஒப்பிட்டேன்; வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது. பயிற்சியாளர் எந்தத் தருணத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதன் தாக்கத்தை இந்த ஒப்பீடு முழுமையாக நீக்குவதில்லை.