எட்டே கலைப்பில் பழைய வரிசை

52 சீட்டைச் சரியாக 26, 26 ஆகப் பிரித்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோர்ப்பதுதான் ஃபாரோ கலைப்பு. மேல் சீட்டு மேலேயே நின்றால் அது ‘அவுட்’, இரண்டாவதாக இறங்கினால் ‘இன்’.

மேல் சீட்டை 0 என்று எண்ணுங்கள். ஒவ்வொரு அவுட்டிலும் சீட்டின் எண் இரட்டிப்பாகும், 51ஐத் தாண்டினால் 51ஐக் கழிக்க வேண்டும். 1ஆம் சீட்டு 2, 4, 8, 16, 32, 13, 26 என்று போய் எட்டாவது கலைப்பில் மறுபடி 1க்கே வந்துவிடும், ஏனென்றால் எட்டு முறை இரட்டித்தால் 256, அதை 51ஆல் வகுத்தால் மீதி 1, அதனால் எல்லாச் சீட்டும் அப்படியே திரும்பும்.

மேஜிக்காரர்களுக்கு இதைவிடப் பிடித்தது அலெக்ஸ் எல்ம்ஸ்லி கண்ட வழி. மேல் சீட்டுக்கு மேலே 6 சீட்டு வரவேண்டுமா? 6 இரும எண்ணில் 110, அதனால் இன், இன், அவுட்.

ஒரு சீட்டு பிசகினாலும் கணக்கு போச்சு. அவுட் முடிந்ததும் அடிச்சீட்டு மாறியிருக்கிறதா என்று பாருங்கள், மாறியிருந்தால் எங்கோ தவறிவிட்டது.