யார்டு கான்கிரீட்டில் ஜாயின்ட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் மீன் பதப்படுத்தும் ஆலைகளிலும் ஐஸ் பிளான்ட்டுகளிலும் யார்டு வேலை பார்க்கும் இளம் இன்ஜினியர்கள், நாங்கள் பல வருடம் முன்பு செய்த அதே தவறுகளைத்தான் இன்றும் செய்கிறார்கள். கலவையில் தண்ணீர் அதிகம் விடாதே, கியூரிங்கை நிறுத்தாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஜாயின்ட்டை மட்டும் பார்ப்போம்.

கட்டம் பிரிப்பதை மூலையிலிருந்து தொடங்குவது

200 மி.மீ. ஸ்லாபுக்கு 4.5 மீட்டருக்கு ஒரு ஜாயின்ட் போதும். கட்டம் சதுரத்துக்குப் பக்கமாக இருக்க வேண்டும். நீளம் அகலத்தைப் போல ஒன்றேகால் மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூலையிலிருந்து அளந்துகொண்டே போனால் கடைசியில் ஒரு மீட்டர் துண்டு மிஞ்சும், அது கட்டாயம் உடையும். வடிகால், தூண், எடைமேடை இவற்றின் மூலைகளை முதலில் தாளில் குறித்து, ஜாயின்ட் கோடுகள் அந்த மூலைகளில் வந்து சேரும்படி வரையுங்கள். மிஞ்சும் நீளத்தை மற்ற கட்டங்களுக்குப் பகிர்ந்துவிடலாம்.

கட்டரை மறுநாளைக்குத் தள்ளுவது

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மறுநாள் காலை என்பது தாமதம். கால் பதியாத அளவு இறுகியதும் அன்றிரவே வெட்டுங்கள், ஆழம் 60 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

டவலுக்கு முறுக்குக் கம்பி போடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்றும் சைட்டுக்குப் போனால் இதையே பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

டவல் கம்பி இரண்டு வேலை செய்கிறது. லாரிச் சக்கரம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்கு ஏறும்போது பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது. அதே சமயம் கான்கிரீட் சுருங்கும்போது ஜாயின்ட் திறக்க வழிவிடுகிறது. அதற்காகத்தான் அது வழவழப்பான உருண்டைக் கம்பியாக இருக்க வேண்டும், பாதி நீளத்துக்குச் சற்று மேல் ஒட்டாமல் வழுக்க வேண்டும். நீளவாக்கில் ஊற்றும் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே போடும் டை கம்பியின் வேலை நேர் எதிர்: அது பிடித்துக்கொள்ள வேண்டும், அதனால் அங்கே முறுக்குக் கம்பிதான் சரி. இரண்டும் ஒரே வரைபடத்தில் இருப்பதால், ஒரே கட்டிலிருந்து உருவி இரண்டு இடத்திலும் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். யார்டு 36 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலம். 4.5 மீட்டர் பட்டைகள் ஆறு, பட்டைக்கு எட்டுக் கட்டம், ஏழு ஜாயின்ட். ஜாயின்ட்டுக்கு 300 மி.மீ. இடைவெளியில் 14 டவல், ஆக மொத்தம் 588. ஒவ்வொன்றும் 25 மி.மீ. விட்டம், 360 மி.மீ. நீளம். கூட்டிப் பார்த்தால் 800 கிலோவுக்குச் சற்று மேல், ஒரு டன்கூட இல்லை. அதை மிச்சம் பிடிக்க, தூண் வேலையில் மீந்த முறுக்குக் கம்பித் துண்டுகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு சூப்பர்வைசர், "அதான் கிரீஸ் தடவியாச்சே சார், வழுக்கிரும்" என்றார்.

வழுக்காது. கிரீஸ் ஒட்டுதலைத் தடுக்கும், அவ்வளவுதான். கம்பியின் வரிகள் கான்கிரீட்டுக்குள் அச்சாகப் பதிந்துவிட்டால் இழுத்தாலும் நகராது. பிறகு ஒரு ஜாயின்ட்டில் கோர் எடுத்துப் பார்த்தோம். கிரீஸ் தடவிய பக்கத்தில்தான் வரிகள் ஸ்க்ரூ மரை போலத் துல்லியமாகப் பதிந்திருந்தன.

விளைவைக் கணக்காகப் பாருங்கள். 4.5 மீட்டர் கட்டம் உலர்ந்து சுருங்குவதில் சுமார் 1.3 மி.மீ., சூடாக இறுகி மார்கழி இரவில் குளிர்வதில் இன்னும் ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைய. ஆக ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஏறத்தாழ 2 மி.மீ. திறந்தால் போதும். மூன்று ஜாயின்ட் பூட்டிக்கொண்டால் நான்கு கட்டங்கள் சேர்ந்து ஒரே 18 மீட்டர் ஸ்லாபாகிவிடும், அதன் சுருக்கம் முழுவதும், அதாவது 8 மி.மீ., திறந்த ஒரே ஜாயின்ட்டுக்கு வந்து சேரும். அந்த அளவு திறந்தால் ஜல்லியும் ஜல்லியும் கவ்வாது, சீலன்ட்டும் தாங்காது. இல்லையென்றால் கட்டத்துக்குள்ளேயே விரிசல் விழும்.

அங்கே இரண்டுமே நடந்தன. பட்டைக்கு இரண்டு ஜாயின்ட்தான் திறந்திருந்தன. மற்றவற்றில் ஜாயின்ட்டிலிருந்து அரை அடிக்குச் சற்று மேல் தள்ளி, டவல் முடியும் இடத்தில், ஜாயின்ட்டுக்கு இணையாக விரிசல் ஓடியிருந்தது. விரிசல் அந்த இடத்தில் இருந்தால் முதலில் டவலைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஒப்பந்ததாரர் சீலன்ட் மோசம் என்று முடிவுகட்டி இன்னொரு கம்பெனிச் சரக்கை ஊற்றினார், அதுவும் கிழிந்தது. கடைசியில் பூட்டிய ஜாயின்ட்டுகளை முழு ஆழத்துக்கு அறுத்து, லாரி ஓடும் தடத்தில் மட்டும் காடி வெட்டி உருண்டை டவல் வைத்து கிரவுட் ஊற்ற வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்த கம்பியின் விலை அந்தச் செலவில் எந்த மூலைக்கு?

உருண்டைக் கம்பி போட்டாலும் பூட்டிக்கொள்ள வழிகள் உண்டு. ஷியரில் நறுக்கினால் முனையில் பிசிறு நிற்கும், அதனால் ரம்பத்தால் அறுக்கச் சொல்லுங்கள். கம்பி சாய்ந்தாலும் பூட்டும்: 300 மி.மீ.க்கு 3 மி.மீ.க்கு மேல் சாய்ந்த கம்பியை நான் ஏற்பதில்லை. வைப்ரேட்டர் ஊசி தட்டினாலே அவ்வளவு சாய்ந்துவிடும், எனவே கம்பிகளைக் கூடையில் இறுக்கி நிறுத்துங்கள். மூலையிலிருந்து ஒரு அடிக்குள் டவல் வைக்காதீர்கள்.

நம் கடற்கரையில் துரு இன்னொரு எதிரி. உப்புக்காற்றில் திறந்து கிடந்த கம்பி பொரிந்துபோகும். ஜாயின்ட் வழியே இறங்கும் தண்ணீர் அந்த இடத்தில்தான் தேங்கும், துரு ஊதி இறுக்கிவிடும். எபாக்சி பூசிய கம்பி வாங்கி, தரையில் படாமல் தார்ப்பாய்க்குள் வையுங்கள். வழுக்கும் பாதியில் மாட்டும் உறை மெல்லியதாக, இறுக்கமாக இருக்கட்டும். வயரிங் பைப்பை மாட்டினால் கம்பி உள்ளே ஆடும், பாரம் கடக்காது.

சோதிப்பது எளிது. ஒன்று விட்டு ஒன்றாகப் பட்டைகளைப் போட்டால் பக்கவாட்டு முகம் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டர் வெட்டுக்கும் கீழே ஒரு மயிரிழை விரிசல் இறங்கியிருக்க வேண்டும். சில வாரம் கழித்தும் நான்கில் ஒன்றுதான் இறங்கியிருக்கிறது, அதுவும் அகலமாக இருக்கிறது என்றால், இடைப்பட்டையைப் போடாமல் நிறுத்திக் காரணத்தைப் பாருங்கள்.

தூணைச் சுற்றி

20 மி.மீ. பிரிப்புப் பலகை. டவல் வேண்டாம்.

விலையைப் பார்த்து சீலன்ட் வாங்குவது

சூடாக்கி ஊற்றும் தார் மலிவு, ஆனால் சித்திரை வெயிலில் இளகி டயரோடு போகும். வெயிலை மட்டும் வாங்கும் திறந்த இடத்துக்கு சிலிக்கான் நல்லது. டீசல் சிந்தும் லாரி நிறுத்தத்துக்கு நான் பாலிசல்ஃபைடுதான் சொல்வேன். ஃபோர்க்லிஃப்டின் சிறிய கெட்டிச் சக்கரம் ஓடும் வாசலுக்கு இவை இரண்டுமே மென்மை. அங்கே ஜாயின்ட் விளிம்பைத் தாங்கும் கெட்டியான எபாக்சி அல்லது பாலியூரியா ஃபில்லர் வேண்டும். அது நீளாது என்பதால், சுருக்கம் பெரும்பாலும் முடியும்வரை, குறைந்தது இரண்டு மூன்று மாதம், பொறுத்து நிரப்புங்கள்.

மென்மையான சீலன்ட் என்றால் வெட்டின் மேல்பகுதியை 8 முதல் 10 மி.மீ.க்கு அகலப்படுத்தி, அடியில் அதைவிடக் கொஞ்சம் தடித்த ஃபோம் கயிறு திணியுங்கள். சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டினால் கிழியும். ஊற்றுவதற்கு முன் நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, எண்ணெய் கலக்காத காற்றால் ஊதுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவவே வேண்டாம். கழுவிக் காய்ந்த அன்றே நிரப்பிவிடுங்கள். ஒரு இரவு விட்டால் கடல் பக்கப் பனியோடு உப்பு மறுபடி சுவரில் படிந்துவிடும், பிரைமர் பிடிக்காது.