தரநிலையின் 'சொற்களும் வரையறைகளும்' பகுதியைத் தமிழாக்குவது எப்படி? ரப்பர் பாலை வைத்து ஒரு செய்முறை

எங்கள் குமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு பக்கம் யாரைக் கேட்டாலும் 'டிஆர்சி எவ்வளவு?' என்பதுதான் பேச்சு. டிஆர்சி என்றால் ரப்பர் பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம். பால் கொடுக்கிறவருக்குப் பணம் அதை வைத்துத்தான். அந்தச் சோதனை எந்தத் தரநிலைப்படி நடக்கிறதோ, அதைத் தமிழில் படிக்க வேண்டும் என்று ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்டார்கள். அதற்காக உட்கார்ந்து செய்த வேலையின் வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தரநிலை என்றாலே 3-ஆம் பிரிவு சொற்களும் வரையறைகளும்தான். ஐஎஸ்ஓ தரநிலைகளில் இந்த இடம் மாறாது. முதலில் இதை முடித்துவிட்டு அப்புறம் மற்ற பிரிவுகளுக்குப் போங்கள். நேர்மாறாகச் செய்தால், ஒவ்வொரு சொல்லையும் பின்னால் திரும்பிப் போய் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஒரு விஷயம்: தரநிலையின் வாசகத்துக்குக் காப்புரிமை உண்டு. தமிழாக்கத்தை வெளியிடுவதாக இருந்தால், அதை வெளியிட்ட அமைப்பிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கீழே வரும் வரையறைகள் நான் விளக்கத்துக்காக என் சொற்களில் எழுதியவை, பதிவு எண்களும் விளக்கத்துக்காக நானே வைத்தவை.

அட்டவணை போடுவது

வேர்டு கோப்பில் கட்டம் போட்டு வேலை செய்யாதீர்கள். சொற்கள் முப்பதைத் தாண்டியதும் எதை எங்கே மாற்றினோம் என்பதே தெரியாமல் போகும். லிப்ரே ஆபிஸ் கால்க் போதும். பதிவு எண், ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், தமிழ் வரையறை, குறிப்பு என்று ஐந்து நெடுவரிசை. மூலத்தில் 3.4 என்று இருந்தால் தமிழிலும் 3.4 தான். வேறு தரநிலைகள் அந்த எண்ணைச் சொல்லித்தான் இதை மேற்கோள் காட்டும்.

ஒரு பதிவு, ஒரு சொல்

நான் மிகவும் மெனக்கெட்ட இடம் இதுதான். 'ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்' என்று எல்லோரும் சொல்கிறோம். அது முழுக்கச் சரியில்லை. ஒரு பதிவுக்கு, அதாவது ஒரு கருத்துக்கு, ஒரு தமிழ்ச் சொல். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ரப்பர் பாலில் இதன் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

'கோயாகுலம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். உலர் ரப்பர் அளவு பார்க்கும் சோதனையில் (ஐஎஸ்ஓ 126) பாலில் அசிட்டிக் ஆசிட் விடுகிறோம், பால் உறைகிறது. அதைத் தகடாக அழுத்தி, கழுவி, உலர்த்தி எடை போடுகிறோம். அந்த உறைந்த பொருள் கோயாகுலம். இன்னொரு சோதனை ஐஎஸ்ஓ 706. அதில் ஆசிட்டே கிடையாது. பாலை 180 மைக்ரோமீட்டர் கண் உள்ள சல்லடையில் வடிக்கிறார்கள். மேலே தங்குவதில் தானாக உறைந்த துண்டு இருக்கும், காய்ந்த ஏடு இருக்கும், வெளியிலிருந்து விழுந்த கொரகொரப்பான தூசும் இருக்கும். அத்தனையும் சேர்த்து அங்கேயும் கோயாகுலம்தான்.

முதலாவது நாமே வேண்டி உருவாக்குவது, அதுதான் ரப்பர். இரண்டாவது பாலில் இருக்கக் கூடாதது. இரண்டுக்கும் 'உறைகட்டி' என்றே போட்டுவிட்டால், படிக்கிற பிள்ளை உறைகட்டி கூடினால் நல்லதா கெட்டதா என்று கேட்பான். அந்தக் கேள்வி நியாயமானது. நான் முதலாவதற்கு 'உறைகட்டி' என்றும் இரண்டாவதற்கு 'சல்லடை மிச்சம்' என்றும் வைத்தேன். ஐஎஸ்ஓ 706-இன் தலைப்பிலேயே 'சல்லடையில் மிஞ்சியது' என்ற பொருளில் இன்னொரு பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அதனால் இது நம் கற்பனை இல்லை, மூலம் காட்டிய வழிதான்.

இதையே திருப்பியும் பார்க்க வேண்டும். ஒரு தமிழ்ச் சொல் இரண்டு பதிவுகளில் வந்துவிடக் கூடாது. 'அளவு' என்ற சொல்லில் இது அடிக்கடி நடக்கும். உலர் ரப்பர் அளவு என்று ஒரு பதிவில் வைத்தால், சல்லடைக் கண்ணின் அளவு என்று இன்னொன்றில் எழுதக் கூடாது. அங்கே 'கண் அகலம்' என்று போடலாம். 'உள்ளடக்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது புத்தகத்துக்கும் இணையதளத்துக்கும் உரிய சொல்லாகவே படுகிறது, பாலில் கலந்து கிடக்கும் ரப்பருக்கு ஒட்டவில்லை.

'மொத்தத் திண்ம அளவு', 'உலர் ரப்பர் அளவு' இரண்டையும் கலக்கவே கூடாது. முதலாவதில் பாலை அப்படியே உலர்த்துகிறோம். ரப்பரோடு புரதம், சர்க்கரை, உப்பு எல்லாம் சேர்ந்தே நிற்கும். இரண்டாவதில் உறைவித்துக் கழுவிவிடுவதால் அவற்றில் பெரும்பகுதி போய்விடும். ஒரு பாலில் முதலாவது 36 சதவீதம், இரண்டாவது 33 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ பாலுக்குக் கணக்கில் 3 கிலோ இல்லாத ரப்பர் ஏறிவிடும். வரையறையில் 'கழுவி' என்ற ஒரு சொல்லை விட்டாலே இந்தக் கலப்பு வந்துவிடும்.

வரையறையை எழுதுவது

தரநிலையில் வரையறை என்பது முழு வாக்கியம் இல்லை, பெயர்ச்சொல்லில் முடியும் தொடர். கடைசியில் முற்றுப்புள்ளியும் கிடையாது. ஏன் என்றால், அதை எடுத்து அந்தச் சொல் வரும் இடத்தில் அப்படியே வைத்துப் பார்க்க முடிய வேண்டும். தமிழில் எழுதுகிறவர்கள் பழக்கதோஷத்தில் 'ஆகும்' போட்டுவிடுவார்கள். பாடப்புத்தகத்தில் படித்தது கையோடு வரும். அந்த 'ஆகும்' வந்ததும் இந்தச் சோதனை நின்றுவிடும்.

செய்து பார்ப்போம். தரநிலையின் உள்ளே 'சல்லடை மிச்சத்தைக் கழுவி உலர்த்த வேண்டும்' என்று ஒரு வரி வருகிறது. வரையறையை இப்படி எழுதியிருக்கிறோம்:

'பாலை வடிக்கும்போது குறித்த கண் அகலமுள்ள சல்லடையின் மேல் தங்கும் பொருள் ஆகும்'

இதைச் சொல்லின் இடத்தில் வைத்தால், '-ஐ' எங்கே ஒட்டும்? 'ஆகும்' நடுவில் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் '...சல்லடையின் மேல் தங்கும் பொருளைக் கழுவி உலர்த்த வேண்டும்' என்று சரியாக உட்காருகிறது. வேற்றுமை உருபு கடைசிச் சொல்லில்தான் ஏறும் என்பதால், தமிழ் வரையறையின் கடைசிச் சொல் எப்போதும் அந்தப் பொருளின் இனப்பெயராக இருக்க வேண்டும். உலர் ரப்பர் அளவுக்கு அது 'சதவீதம்':

'பாலை உறைவித்துப் பெற்ற உறைகட்டியை (3.4) கழுவி உலர்த்தியபின் உள்ள நிறை, பாலின் நிறையில் வகிக்கும் சதவீதம்'

ஆங்கிலத்தில் இனப்பெயர் முதலில் வரும், நம்மிடம் கடைசியில். ஆகவே மூலத்தை முதல் சொல்லிலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள். முதலில் கடைசிச் சொல்லை எழுதிவைத்துவிட்டு முன்னால் வருவதைக் கட்டிக்கொண்டு போங்கள். 'வேண்டும்' என்பதும் வரையறைக்குள் வரக் கூடாது. அது நிபந்தனை. அதற்கு வேறு பிரிவு இருக்கிறது.

மேலே 'உறைகட்டியை' என்பதற்குப் பின்னால் பதிவு எண் இருப்பதைப் பாருங்கள். ஒரு வரையறைக்குள் இன்னொரு பதிவின் சொல் வந்தால் சாய்வெழுத்தில் போட்டு எண்ணைத் தருவது வழக்கம். நான் உருபோடு சேர்த்து முழுச் சொல்லையுமே சாய்ப்பேன். பாதிச் சொல்லைச் சாய்த்தால் பல எழுத்துருக்களில் உயிர்மெய் உடைந்து அசிங்கமாகத் தெரிகிறது.

சரிபார்ப்பது

தமிழ்ச் சொல் இரட்டித்திருக்கிறதா என்று பார்க்க, காலியான நெடுவரிசையில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIF(C$2:C$200,C2)
```

1-க்கு மேல் வந்தால் அந்தச் சொல் இரண்டு பதிவுகளில் இருக்கிறது. ஆனால் எல்லாம் 1 என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். 'மொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகத் தட்டலாம்: 'ொ' ஒரே குறியாக, அல்லது 'ெ' தனி, 'ா' தனி என்று. திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வேறு வேறு. இரண்டு பேர் வேறு வேறு விசைப்பலகையில் தட்டிய 'மொத்தத் திண்ம அளவு' இப்படித்தான் கண்ணில் படாமல் தப்பும். முதலில் கோப்பை உரைக்கோப்பாகச் சேமித்து இதை ஓட்டுங்கள்:

```
python3 -c "import sys,unicodedata as u; sys.stdout.write(u.normalize('NFC',sys.stdin.read()))" < glossary.txt > sari.txt
```

இப்போது எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்திருக்கும். அந்தக் கோப்பைக் கால்க்கில் திறந்து மறுபடி எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, உள்ளே எல்லா இடத்திலும் அதே சொல்தான் வருகிறதா என்று தேட வேண்டும். இதில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அடியில் படியும் மண்ணும் உப்புக்கழிவும் சேர்ந்ததற்குக் 'கசடு' என்று வைத்தீர்கள் என்றால், உருபு ஏறும்போது அது 'கசட்டின்', 'கசட்டை' என்று மாறும். 'கசடு' என்று தேடினால் இவை சிக்காது. 'கசட' என்று பாதியில் நிறுத்தித் தேடினாலும் சில நிரல்கள் 'ட்' தனி எழுத்து என்று விட்டுவிடும். நான் தேடல் பெட்டியில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்' என்ற விருப்பத்தை இயக்கிவிட்டு இப்படித் தேடுகிறேன்:

```
கச(டு|ட்)
```

இரண்டு சொல்லும் சமமாகப் பொருந்தினால், உருபு ஏறும்போது உருமாறாத சொல்லையே எடுங்கள். 'படிவு' வைத்தால் 'படிவின்', 'படிவை' என்றுதான் வரும், தேடுவதும் எளிது. நான் கடைசியில் அதையே வைத்துக்கொண்டேன்.

மொழிபெயர்க்க ஒமேகாடி நிரல் எனக்குப் பிடித்தது. இலவசம், சொற்பட்டியலும் ஒரு சாதாரண உரைக்கோப்புதான். ஆங்கிலம், தமிழ், குறிப்பு என்று இடையில் டேப் விட்டு எழுதினால் போதும்:

```
coagulum	உறைகட்டி	3.4 ஆசிட் விட்டு உறைந்தது
coagulum	சல்லடை மிச்சம்	3.9 சல்லடையில் தங்கியது
```

அந்தச் சொல் வரும் வாக்கியத்தில் இரண்டும் குறிப்போடு காட்டப்படும், பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பிற்சேர்க்கை

அருமனையிலிருந்து ஒரு வாசகர், 'ஒட்டுப்பால் என்று நாங்கள் சொல்வதை ஏன் விட்டுவிட்டீர்கள்?' என்று கேட்டிருந்தார். விடவில்லை. மரத்தில் வெட்டுத் தடத்திலேயே காய்ந்து ஒட்டுவதற்கு அதுதான் சரியான சொல். தரநிலையில் அந்தக் கருத்துக்குத் தனிப் பதிவு இருந்தால் தயங்காமல் முதன்மைச் சொல்லாகவே வையுங்கள். சிரட்டையில் மிஞ்சி உறைந்ததையும் சேர்த்து ஒட்டுப்பால் என்று உங்கள் ஊரில் சொன்னால், அதற்கு மட்டும் 'சிரட்டைக் கட்டி' என்று தனியாகப் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் மறுபடியும் ஒரு சொல்லில் இரண்டு கருத்து வந்து நிற்கும்.

இன்னொருவர், பின்னிணைப்பில் தமிழ் அகரவரிசை குலைகிறது என்றார். யூனிகோடு எண்களின் வரிசையில் 'ற' முன்னாலும் 'வ' பின்னாலும் போய்விடும். நம் வரிசை அது இல்லை. கால்க்கில் வரிசைப்படுத்தும் பெட்டியின் விருப்பங்களில் மொழியைத் தமிழ் என்று மாற்றிவிட்டுச் செய்து பாருங்கள், பிறகு 'ழ, ள, ற, ன' வரும் இடங்களை மட்டும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். வரிசைப்படுத்துவது அந்தப் பின்னிணைப்பின் பிரதியில் மட்டும் இருக்கட்டும், 3-ஆம் பிரிவின் அட்டவணையில் கை வைக்க வேண்டாம்.