கதவில் ஓர் எண், மீட்டரில் வேறோர் எண்: அடுக்குமாடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டும்போது ஓர் எண்வரிசை, குடிவந்த பிறகு இன்னொன்று. எண் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

தரைத்தளமும் அதற்கு மேல் நான்கு மாடிகளும், தளத்துக்கு நான்கு வீடுகளும் உள்ள கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரீஷியன் 1 முதல் 20 வரை மீட்டர்களில் மார்க்கரால் எழுதிவிட்டார். முதல் மாடிக்கு 5, 6, 7, 8. படிக்கட்டுப் பக்கமிருந்து எண்ணியிருக்கிறார். பிறகு கதவு எண் போட்டவர் லிஃப்ட் பக்கமிருந்து, எதிர்த்திசையில் 101 முதல் 104 வரை போட்டார். கணக்கு எழுதுபவர் மாடி ஏறிப் பார்க்காமல், 5 என்றால் 101 என்று வரிசையாக மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான், 101-இன் பில் 104-க்குப் போகிறது. இரண்டு வீட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம் செலவானால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. பூட்டிக் கிடக்கும் வீட்டின் மீட்டர் ஓடும்போதுதான் சந்தேகம் வரும்.

ஆகவே பழைய எண்ணை நம்பி மாற்றி எழுதாதீர்கள். ஒவ்வொரு வீட்டையும் சோதித்த பிறகே லேபிள் ஒட்டுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு மீட்டர் பக்கத்து மெயின் ஸ்விட்சை அணைத்து, எந்த வீட்டில் மின்சாரம் போகிறது என்று பார்க்கலாம். ஆனால் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதை வைத்து முடிவு செய்தால் மறுபடியும் தவறுதான். எனக்குப் பிடித்த வழி வேறு: வீட்டில் ஹீட்டரைப் போட்டுவிட்டு, மீட்டரில் சிமிட்டும் சிறு விளக்கைப் பாருங்கள். யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று குறித்த மீட்டரில் 2000 வாட் ஹீட்டர் ஓடினால், நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை சிமிட்டும். ஹீட்டரை அணைத்ததும் வேகம் குறைய வேண்டும். தண்ணீர் மீட்டருக்கு வால்வை மூடி, அந்த வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்தால் போதும்.

லேபிளை மீட்டர் பெட்டியின் மூடியில் ஒட்டுவது அடுத்த தவறு. நான்கு மூடிகளை ஒரே நேரத்தில் கழற்றினால், திரும்ப மாட்டும்போது இடம் மாறிவிடும். கழறாத பலகையில் ஒட்டுங்கள். பதிவேட்டில் கதவு எண்ணுடன் மீட்டரின் வரிசை எண்ணையும் எழுதுங்கள். மீட்டர் மாற்றினால் தேதி, பழைய மீட்டரின் கடைசி ரீடிங், புதியதன் முதல் ரீடிங் மூன்றும் வேண்டும்.

தரைத்தளத்துக்கு `001` என்று வைத்தால் எக்ஸெலில் அது `1` ஆகிவிடும். `G01` என்று வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

சாவியில் மட்டும் வீட்டு எண்ணை எழுதாதீர்கள். தொலைந்தால் எடுத்தவருக்குக் கதவே தெரிந்துவிடும். டேகில் ஒரு குறியீடு போதும், எது எந்த வீடு என்ற பட்டியல் வேறு இடத்தில் பூட்டில் இருக்கட்டும். பூட்டு மாற்றிய அன்றே புதுச் சாவியைக் கதவில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் டேக் மாட்டுங்கள்.

இரண்டு வீடுகளை ஒன்றாக்கினால், உதாரணமாக 203-ம் 204-ம் சேர்ந்தால், 203 தொடரட்டும். 204-ஐ வேறு எந்த வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். பழைய ரசீதுகளில் அது இன்னும் இருக்கும்.