இரவு ஒன்பதரை மணி அலாரம் ஏன் காலையைக் காப்பாற்றுவதில்லை?

"அம்மா, நாளைக்கு விளையாட்டு வகுப்பு இருக்கு. வெள்ளை டி-ஷர்ட் வேணும்."

மகள் கண்ணை மூடிக்கொண்டே இதைச் சொன்னபோது மணி இரவு 9:40. பத்து நிமிடம் முன்புதான் என் ஃபோனில் 'பை, துணி' என்று அலாரம் அடித்திருந்தது. டி-ஷர்ட் அழுக்குக் கூடையின் அடியில், முந்தைய வாரத்து மண் கறையோடு கிடந்தது. துவைத்து, பிழிந்து, மின்விசிறிக்கு அடியில் போட்டேன். காலையில் தோள் காய்ந்திருந்தது, அக்குளும் கழுத்துப் பட்டையும் ஈரம். இஸ்திரிப் பெட்டியால் காய வைக்க ஆரம்பித்து, அந்த ஒரு சட்டையிலேயே 25 நிமிடம் போய்விட்டது.

அன்று நினைவூட்டல் தவறவில்லை. சொன்ன நேரத்துக்கு அடித்தது, நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். ஆனால் பார்த்ததைச் சரிசெய்ய நேரம் மிச்சமில்லை. வேலைக்குப் போகும் பெற்றோர் பலர் வைக்கும் மாலை நினைவூட்டல் பயனில்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தவறு: எல்லா வேலையும் முடிந்த பிறகு அடிக்கும்படி வைப்பது

நாளைக்கான தயாரிப்பில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, எடுத்து வைப்பது. புத்தகத்தைப் பையில் போடுவது, சட்டையை நாற்காலியில் விரிப்பது. இதற்குப் பத்து நிமிடம் போதும், எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். இன்னொன்று, இல்லாததைக் கண்டுபிடிப்பது. துவைக்காத சட்டை, அறுந்த பட்டன், கையெழுத்துப் போடாத தாள், தீர்ந்துபோன பசை. இதைச் சரிசெய்ய வெளியிலிருந்து ஏதாவது வேண்டும்: வெயிலோ காற்றோ, திறந்திருக்கும் கடையோ, விழித்திருக்கும் இன்னொரு பெற்றோரோ. இரவு ஒன்பதரைக்கு இவற்றில் எதுவும் கைக்கு எட்டாது.

ஆகவே நேரத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். இயந்திரத்தில் ஒருமுறை துவைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். மெல்லிய பருத்திச் சட்டை வீட்டுக்குள் காய ஓர் இரவு முழுக்கத் தேவை, காற்று ஈரமாக இருந்தால் அதுவும் போதாது. காலை ஆறரைக்குச் சட்டை காய்ந்திருக்க வேண்டுமென்றால், இரவு எட்டு மணிக்காவது அது கொடியில் இருக்க வேண்டும். அப்படியானால் ஏழுக்கு முன்பே இயந்திரத்துக்குள் போயிருக்க வேண்டும், அதற்கும் முன்பே அது அழுக்கு என்று யாராவது பார்த்திருக்க வேண்டும். தடித்த ஜீன்ஸ், ஸ்வெட்டர் மாதிரியான துணிக்கு இந்தக் கணக்கும் செல்லாது. அதை இரண்டு நாள் முன்னதாகவே பார்த்துவிட வேண்டும்.

நாங்கள் நினைவூட்டலை இரண்டாகப் பிரித்தோம். முதலாவது, வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிடம். வெறுமனே பார்ப்பது மட்டும்தான், எதையும் எடுத்து வைக்க வேண்டாம். பையைத் திறந்து டைரி, சுற்றறிக்கை, நாளைய கால அட்டவணை, நாளைய துணி இருக்கிறதா என்று ஒரு பார்வை. இரண்டாவது, இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் பத்து நிமிடம். எடுத்து வைப்பது அப்போதுதான். நாங்கள் செய்த மாற்றங்களில் அதிகம் பலன் தந்தது இதுதான். வேறெதையும் மாற்ற நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது மாற்றிப் பாருங்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வேலையிலிருந்து வீடு திரும்பும் நேரம் தினமும் ஒன்றாக இருக்காது. 6:45-க்கு வைத்த அலாரம், பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போது அடிக்கும். நிறுத்திவிடுவோம், அத்தோடு அது போய்விடும். நினைவாற்றலை ஆராய்ந்த ஐன்ஸ்டீன், மெக்டேனியல் என்ற இரு உளவியலாளர்கள் 1990-இல் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார்கள். ஒரு மணி வந்ததும் செய்ய வேண்டியதை நினைவில் வைப்பது ஒரு வகை, ஒரு நிகழ்வைக் கண்டதும் செய்ய வேண்டியதை நினைவில் வைப்பது வேறு வகை. முதலாவதில் கடிகாரத்தை நாமே நினைத்துப் பார்க்க வேண்டும், இரண்டாவதில் கண்ணெதிரே நடப்பதே நினைவுபடுத்திவிடும். எனவே மணிக்குக் கட்டாமல் ஒரு செயலுக்குக் கட்டுவது நல்லது. எங்கள் வீட்டில் செருப்பைக் கழற்றுவதும் தட்டைக் கழுவுவதும்தான் அந்தச் செயல்கள். ஃபோன் கூடவே இருக்கட்டும், துணைக்கு. பல ஃபோன்களில் 'வீட்டுக்கு வந்து சேர்ந்ததும்' நினைவூட்டும்படி இடத்தை வைத்தும் அமைக்கலாம்.

தவறு: தினமும் ஒரே வார்த்தை

'பை, துணி' என்று இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே வாசகம் வந்தால் கண் அதைப் படிக்காது, விரல் மட்டும் தள்ளிவிடும். வாசகம் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும், நாளுக்கு நாள் மாறவும் வேண்டும். கடிகாரச் செயலியில் ஒவ்வொரு கிழமைக்கும் தனி அலாரமும் தனிப் பெயரும் வைக்க முடியும். ஐந்து அலாரத்துக்கும் பெயர் எழுத மொத்தமே பத்து நிமிடம்தான் ஆகும். எங்களுடைய ஒன்று இப்படி இருக்கிறது: 'நாளைக்கு விளையாட்டு: வெள்ளைச் சட்டை காய்ந்திருக்கிறதா? கேன்வாஸ் ஷூ எங்கே?'

இதில் நான் ஒருமுறை சறுக்கினேன். செவ்வாய்க்கிழமை நூலகப் புத்தகம் கொண்டுபோக வேண்டும் என்று செவ்வாய் என்றே அலாரம் வைத்தேன். அது செவ்வாய் மாலை அடித்தது, குழந்தை புத்தகமில்லாமல் போய்த் திரும்பி வந்த பிறகு. மாலை நினைவூட்டலில் கிழமை எப்போதும் ஒருநாள் முன்னே இருக்க வேண்டும். விடுமுறை முடியும் மாலையில் கட்டாயம் அடிக்க வேண்டும், விடுமுறை தொடங்கும் மாலையில் பொருள் வைக்கத் தேவையில்லை. அன்று வேறு வாசகம் போடுங்கள்: 'பையை முழுக்கக் கவிழ்த்துக் கொட்டு.' சாப்பாட்டு டப்பா, வியர்வைச் சட்டை, கசங்கிய தாள் எல்லாம் வெளியே வந்துவிடும். விடுமுறை இரண்டு நாளும் அவை பைக்குள்ளேயே கிடந்தால் என்ன வாசனை வரும் என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தவறு: அலாரத்தை நிறுத்தியதும் வேலை முடிந்ததாக எண்ணுவது

அலாரத்தை நிறுத்தினால் அது மறைந்துவிடும், வேலை நடந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது. நினைவூட்டல் பட்டியலில் எழுதியதோ, நாம் 'முடிந்தது' என்று குறிக்கும்வரை அங்கேயே நிற்கும். இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். அதைவிட முக்கியம், எது முடிவு என்று கண்ணால் பார்க்கும்படி ஒன்றை வைத்துக்கொள்வது. எங்களுக்கு அது கதவருகே உள்ள நாற்காலி. பை ஜிப் மூடி நாற்காலியின் மேல் இருந்தால் முடிந்தது. மேசைக்கு அடியில் இருந்தால் முடியவில்லை. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

துணி விஷயத்தில் 'எடுத்து வச்சாச்சு' என்ற வார்த்தை பெரும்பாலும் சட்டை, பேன்ட் இரண்டோடு நின்றுவிடும். காலையில் நேரம் தின்பவை உள்ளாடையும், ஜோடி சேராத சாக்ஸும், பெல்ட்டும், தலைமுடி ரப்பரும்தான். எனவே அடுக்கும் வரிசையைப் போடும் வரிசைக்குத் தலைகீழாக வையுங்கள். ஸ்வெட்டர் அடியில், அதன் மேல் பேன்ட், சட்டை, சாக்ஸ், உச்சியில் உள்ளாடை. எங்கள் ஐந்து வயதுப் பையன் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே வருவான். அடுத்து என்ன என்று யாரும் சொல்ல வேண்டாம். அடுக்கும்போது விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பட்டனையும் ஜிப்பையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள். சில மாதங்களாகப் போடாத துணியாக இருந்தால் முந்தின இரவே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வளரும் குழந்தைக்கு அது சிறுத்திருக்கலாம்.

பெரியவர்களின் பை பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. குழந்தைகள் இருவரும் தயாராகி நிற்க, அப்பா அடையாள அட்டையைத் தேடுவது எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். இப்போது எங்கள் பைகளும் அதே நாற்காலிக்கு வருகின்றன.

இரவில் வைக்க முடியாதவை

தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, சார்ஜில் இருக்கும் ஃபோன், மூக்குக் கண்ணாடி. இவற்றை இரவே வைத்துவிட முடியாது. 'எல்லாம் தயார்' என்று நம்பி இருப்பதால் இவைதான் விட்டுப்போகும். நன்றாகத் தயாரித்த வீடுகளிலும் நடக்கும் தவறு இது. காலையில் வைக்க வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையின் கைப்பிடியில் மாட்டிவிடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம், மேலே போனால் யாரும் படிக்க மாட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதை மறக்கக் கூடாது என்றால், வண்டிச் சாவியை அதன் பக்கத்திலேயே உள்ளே வையுங்கள். சாவியில்லாமல் வாசலைத் தாண்ட முடியாது.

யாருடைய ஃபோன்?

ஒரே ஃபோனில் இருந்தால், அந்த ஒருவர் ஊருக்குப் போன நாளில் வீடு மறந்துவிடும். மற்ற நாட்களில் அவர் மட்டுமே எல்லாரையும் விரட்டிக்கொண்டிருப்பார், மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு ஃபோனிலும் ஒரே அலாரம் வைத்தாலும் பயனில்லை, கணவர் பார்த்திருப்பார் என்று நானும், நான் பார்த்திருப்பேன் என்று அவரும் இருந்துவிடுவோம். நினைவூட்டலையே பங்கு போட்டுக்கொண்டோம். வீட்டுக்கு முதலில் வருவது அவர், ஆகவே பார்க்கிற வேலை அவருடைய ஃபோனில். எடுத்து வைக்கிற வேலை என்னுடையதில். அவர் குறை எதையாவது கண்டால் எனக்கு ஒரு வரி அனுப்புவார். கடையில் வாங்க வேண்டியதென்றால் நான் வரும் வழியிலேயே வாங்கிவிட முடிகிறது. குழந்தைகளுக்கும் பங்கு உண்டு: மகள் கால அட்டவணையைப் பார்த்துப் புத்தகம் அடுக்குவாள், நான் ஜிப்பை மூடுவதற்கு முன் ஒருமுறை சரிபார்ப்பேன். பையன் சாக்ஸ் ஜோடி சேர்ப்பான்.

தூக்கம் போதாத குழந்தையின் காலை அழுகையை இதெல்லாம் நிறுத்தாது. மாலை தயாரிப்பு அரை மணி நேரம் இழுத்து, அதனால் படுக்கப் போவது தள்ளிப்போகிறது என்றால், வைக்கும் பொருளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நான் அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது ஃபோனில் ஒரு வரி வந்தது: 'சின்னவன் சட்டை, மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லை.' மணி 6:50. வீட்டுக்கு வந்து பழைய சட்டை ஒன்றிலிருந்து பட்டனை வெட்டியெடுத்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் தைத்துவிட்டேன். பையன் பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.