கடுக்காய்க்கு இரும்பு ஆகாது: சாயப்பொடி கலக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கண்ணாடித் தம்ளரில் கடுக்காய்ப் பொடியைக் கரைத்து, அதில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டுவைத்துப் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் ஆணியைச் சுற்றி நீலம் கலந்த கருமை இறங்கியிருக்கும். மறுநாள் காலையில் தம்ளரில் இருப்பது மை. மருதாணி, நெல்லிக்காய், கடுக்காய், மாதுளைத்தோல் என்று நாக்கில் துவர்க்கும் எந்தப் பொடியையும் இரும்புச் சட்டியில் கலக்காதே என்று பெரியவர்கள் சொல்வதற்கு இந்தத் தம்ளர்தான் காரணம்.

அந்தத் துவர்ப்பைத் தருவது டானின். டானின் கொஞ்சம் புளிப்புத் தன்மை உடையது, அதனால் இரும்பை மெல்லக் கரைக்கும். கரைந்த இரும்பு முதலில் வெளிறித்தான் இருக்கும். காற்றுப் பட்ட பிறகுதான் டானினோடு சேர்ந்து கறுக்கும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கலக்கும்போது எதுவும் தெரியாது, துணி காய்ந்த பிறகு கறை எழும்பும். முந்தின நாள் பயன்படுத்திய கரண்டியை அப்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதே வேலையைக் கருப்பூர் கலம்காரியில் வேண்டுமென்றே செய்கிறார்கள். கும்பகோணம் பக்கத்தில் துணியில் ஓவியம் வரையும் கைவேலை அது, 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் வாரக்கணக்கில் புளிக்கவைத்து எடுத்த கரைசலால், கடுக்காய் ஏற்றிய துணியில் கோடு இழுத்தால் அந்தக் கோடு கறுப்பாகிவிடும். கோடு எங்கே விழ வேண்டும் என்பது வரைபவர் கையில் இருக்கிறது. நம் வீட்டில் அது கரண்டியின் கையில் போய்விடுகிறது.

நான் இயற்கைச் சாயம் ஏற்றுகிறவள். போன வருஷம் திருவிடைமருதூரிலிருந்து என் சித்தி மகள் ஒரு துணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, பூசணம் பிடிச்சிருச்சு, பாரேன்." ஒரு கிலோ காடாத் துணியைக் கஞ்சி போக வேகவைத்து அலசி, 200 கிராம் கடுக்காய்ப் பொடியை இருபது லிட்டர் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டி, துணியை அதில் ஒரு மணி நேரம் முக்கி, அலசாமல் பிழிந்து வெயிலில் போட்டிருக்கிறாள். அளவும் முறையும் சரியாகத்தான் இருந்தன. இளமஞ்சளாக வந்திருக்க வேண்டிய துணியில் கடுகளவில் கருநீலப் புள்ளிகள் இறைந்து கிடந்தன.

ஒரு புள்ளியின் மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டேன். சற்று நேரத்தில் கருமை வெளுத்து மஞ்சளானது. பூசணமாக இருந்தால் புளிப்புக்கு இப்படி மறையாது. இரும்புக் கறைதான் என்பது முடிவானது. ஆனால் அவள் பிளாஸ்டிக் வாளியில்தான் ஊறவைத்திருந்தாள், மூங்கில் குச்சியால்தான் கிளறினாள். பின்னே இரும்பு எங்கிருந்து வந்தது?

மீதியிருந்த பொடியைத் தாளில் பரப்பி, ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை மெல்லிய தாளில் சுற்றி அதன் மேல் இழுத்தேன். தாளில் கருந்தூள் ஒட்டிக்கொண்டது. கடுக்காய் கல்லாட்டம் கெட்டியானது. அதை இரும்பு உரலில் இடித்து, மிளகாய்த்தூள் அரைக்கும் மெஷினில் கொடுத்திருக்கிறாள். உரசலில் உதிர்ந்த இரும்புத் தூளில் வடிகட்டித் துணியைத் தாண்டிய ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகிவிட்டது. கடுக்காயை அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் தட்டி உடையுங்கள். மெஷினில் அரைத்த பொடியானால், கரைப்பதற்கு முன் காந்தத்தை இரண்டு முறை இழுத்துவிடுங்கள்.

பாத்திரத்தில் மட்டும் கவனம் வைத்து மற்றதை விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. துணி காயப்போடும் இரும்புக் கம்பிக் கொடி நடுவில் ஒரு நீளக் கோட்டை வரைந்துவிடும். எனாமல் பாத்திரம் நல்லதுதான், ஆனால் விளிம்பில் எனாமல் உதிர்ந்திருந்தால் உள்ளே இருப்பது இரும்பு.

எல்லாவற்றையும் விடத் தண்ணீர். காவிரித் தண்ணீர் வாய்க்காலில் வந்தாலும் வீட்டுக்கு வீடு இப்போது போர்தான். வாளியின் உட்புறம் துருநிறத்தில் படிவு கட்டுகிறதா? அந்தத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு தம்ளர் போர் தண்ணீரிலும் ஒரு தம்ளர் மழைத் தண்ணீரிலும் சமமாகக் கடுக்காய்ப் பொடி போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். போர் தண்ணீர் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் கறுத்தால் அதில் மஞ்சளோ சிவப்போ ஏற்ற முடியாது. மஞ்சிட்டி வேரின் சிவப்பு அந்தத் தண்ணீரில் ஊதாவும் பழுப்புமாக மங்கிப்போகும்.

அதற்காக உலோகம் என்றாலே ஆகாது என்பதும் தவறுதான். எவர்சில்வர் பாத்திரத்தில் நான் தினமும் சாயம் காய்ச்சுகிறேன், ஒன்றும் ஆவதில்லை. அதன் மேல் இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடுப் படலம் இரும்பைக் கரையவிடாது. கும்பகோணத்துப் பித்தளை அண்டா வேறு கதை. மருதாணியில் எலுமிச்சையோ தயிரோ கலந்து அதில் வைத்தால் செம்பு கரைந்து பச்சை ஊறும். உள்ளே பூசிய வெள்ளீயம் தேயாமல் இருக்கும்வரை அது காப்பாற்றும், ஆனால் பழைய அண்டாவின் அடியில் ஈயம் எங்கே மிச்சம் இருக்கிறது? அலுமினியத்தைச் சுண்ணாம்பு கலந்த அவுரி நீலச் சாயத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சுண்ணாம்பின் காரம் பட்டால் அது நுரைத்து அரிக்கப்படும்.

தலைக்கு மருதாணி போடுகிறவர்கள் கேட்பார்கள், பாட்டி இரும்புச் சட்டியில்தானே ஊறவைத்தார் என்று. ஆமாம், நரையைக் கருமைப் பக்கம் தள்ளத்தான் அப்படிச் செய்தார். மருதாணியோடு கலந்த நெல்லிக்காயின் துவர்ப்பும் சட்டியின் இரும்பும் சேர்ந்த நிறம் அது. அதே விழுதைக் கல்யாணப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தால் செக்கச்செவேல் என்று பிடிக்காது, அழுக்குப் பழுப்பாகும். கைக்குப் பீங்கான் கிண்ணம் அல்லது அம்மி.

கடையில் வாங்கும் டை பெட்டிக்குள் பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலக்கச் சொல்லி எழுதியிருப்பது வேறு காரணத்துக்காக. அதிலுள்ள திரவம் ஹைட்ரஜன் பெராக்சைடு. இரும்போ செம்போ பட்டால் அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், கலவை சூடாகும், தலைக்குப் போகும்போது நிறத்தைப் பிடிக்கவைக்கும் சக்தி குறைந்திருக்கும். மருதாணியில் பெராக்சைடு கிடையாது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் மருதாணியைத் தொட எவர்சில்வர் ஸ்பூனுக்கும் சிலர் பயப்படுகிறார்கள்.

சித்தி மகளின் துணிக்கு வருவோம். எலுமிச்சையால் புள்ளி புள்ளியாக அழிக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். புளிப்புப் பட்ட இடத்தில் கடுக்காயும் இளகிப்போகும், பிறகு சாயம் அங்கே திட்டுத் திட்டாகப் பிடிக்கும். மஞ்சளை மறந்துவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கிவரச் சொன்னேன். அன்னபேதியும் இரும்பு உப்புதான். ஒரு கிலோ துணிக்கு 20 கிராம், அதற்கு மேல் போனால் நூல் நைந்துபோகும். வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, துணி முழுவதையும் பத்து நிமிஷம் புரட்டிப் புரட்டி முக்கினோம். புள்ளிகள் நிறத்துக்குள் போய் மறைந்தன. மழை மேக நிறத்தில் வந்த அந்தத் துணியை நன்றாக அலசி, இந்த முறை தேங்காய்நார்க் கயிற்றில் காயப்போட்டாள்.